பின்செல் பொத்தானும் பழைய பக்கமும்: உலாவியின் பின்–முன் தேக்ககம் செயற்படும் முறை

ஆய்வுச் சுருக்கம்

இணைய உலாவியில் பின்செல் பொத்தானை அழுத்தும்போது, மாறிவிட்ட தகவலுக்கு மாறாகப் பழைய தகவலைக் காட்டும் பக்கம் தோன்றுவதுண்டு. வழங்கியிலிருந்து பழைய படி வந்துவிட்டது என்றே இதற்குப் பெரும்பாலும் காரணம் கூறப்படுகின்றது. ஆயினும் பல வேளைகளில் வழங்கிக்கும் இந்நிகழ்வுக்கும் தொடர்பே இருப்பதில்லை. பயனர் விட்டுச் சென்ற பக்கத்தை உலாவி தன் நினைவகத்தில் உறையவைத்து, அதே பக்கத்தை மீண்டும் இயங்கச் செய்கின்றது. இவ்வேறுபாட்டை நூலகப் பட்டியல் ஒன்றின் வழியாக இக்கட்டுரை விளக்குகின்றது. பழமைக்கான காரணத்தைக் கண்டறியும் முறையையும், திருத்தும் முறையையும், அதன் எல்லைகளையும் எடுத்துரைக்கின்றது.

திறவுச் சொற்கள்: உலாவி, பின்–முன் தேக்ககம், எச்.டி.டி.பி. தேக்ககம், உறைநிலை, நூலகப் பட்டியல், வெளியேறுதல்

முன்னுரை

பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் இணையவழிப் பட்டியலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆய்வாளர் ஒருவர் காலை 10.05 மணிக்கு ஒரு நூலைத் தேடுகின்றார். தேடல் பட்டியலில் அந்நூலுக்கு எதிரே ‘2 படிகள் உள்ளன’ என்னும் குறிப்பும், ‘முன்பதிவு செய்க’ என்னும் பொத்தானும் உள்ளன. நூலின் பெயரைச் சொடுக்கி விவரப் பக்கத்துக்குச் செல்கின்றார். அங்கே 10.08 மணிக்கு ஒரு படியை முன்பதிவு செய்கின்றார். அப்பக்கத்தில் எண்ணிக்கை ஒன்றாகக் குறைகின்றது. வேறு நூல்களையும் காணும்பொருட்டு 10.09 மணிக்குப் பின்செல் பொத்தானை அழுத்துகின்றார். தேடல் பட்டியல் கண்ணிமைக்கும் நேரத்தில் தோன்றுகின்றது. ஆனால் அதில் ‘2 படிகள் உள்ளன’ என்றே இருக்கின்றது. முன்பதிவுப் பொத்தானும் தொடப்படாதது போலவே நிற்கின்றது.

முன்பதிவு பதிவாகவில்லை என்று கருதும் ஆய்வாளர் பட்டியலிலிருந்தே மறுமுறை பொத்தானை அழுத்துகின்றார். வழங்கியில் தக்க சரிபார்ப்பு இல்லையெனில் எஞ்சிய ஒரு படியும் அவர் பெயருக்கே ஒதுக்கப்பட்டுவிடும். அதே நூலைத் தேடிவரும் அடுத்த ஆய்வாளருக்குப் படி இல்லை என்னும் விடையே கிட்டும். நூலக ஊழியர் பதிவேட்டை நோக்கினால் இரண்டு முன்பதிவுகளும் முறையாகவே பதிவாகியிருக்கும். பிழை எங்கே நேர்ந்தது என்பதற்கு அங்கே தடயம் எதுவும் இராது.

இரு வேறு தேக்ககங்கள்

உலாவியில் கேச் எனப்படும் தேக்ககம் ஒன்றே உள்ளது என்னும் எண்ணம் பரவலாக நிலவுகின்றது. உண்மையில் இங்கே பிரித்தறிய வேண்டியவை இரண்டு.

முதலாவது, எச்.டி.டி.பி. தேக்ககம். வழங்கி அனுப்பிய கோப்புகளை, அதாவது பக்கத்தின் உரை, படங்கள், நிரல்கள், வடிவமைப்புத் தாள்கள் ஆகியவற்றை, இது வந்தவாறே சேமித்து வைக்கின்றது. பக்கம் மறுபடியும் தேவைப்படும்போது உலாவி இக்கோப்புகளை எடுத்துப் புதிதாகப் பொருள்கொண்டு, நிரல்களை முதலிலிருந்து இயக்கிப் பக்கத்தைக் கட்டியெழுப்புகின்றது. சரக்கறையிலிருந்து மாவை எடுத்து மீண்டும் சமைப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

இரண்டாவது, பின்–முன் தேக்ககம். இதில் கோப்புகள் சேமிக்கப்படுவதில்லை. கட்டி முடிக்கப்பட்டு இயங்கிக் கொண்டிருக்கும் பக்கம் முழுவதுமே நினைவகத்தில் நிறுத்தி வைக்கப்படுகின்றது. பக்கத்தின் உறுப்புகள், நிரலின் மாறிகள், அவற்றின் மதிப்புகள், உருட்டிய இடம், உள்ளீட்டுப் பெட்டியில் பாதி தட்டச்சிட்ட சொல் ஆகிய அனைத்தும் இருந்த நிலையிலேயே உறைந்து நிற்கின்றன. பயனர் திரும்பும்போது உறைநிலை நீங்குகின்றது. நிரல் தான் நின்ற இடத்திலிருந்து தொடர்கின்றது. இங்கே மீண்டும் சமைத்தல் நிகழ்வதில்லை. மூடி வைத்த பாத்திரம் திறக்கப்படுகின்றது, அவ்வளவே.

இவ்வேறுபாட்டிலிருந்தே மேற்கண்ட சிக்கலின் தன்மை தெளிவாகின்றது. 10.09 மணிக்கு ஆய்வாளர் கண்டது தேடல் பட்டியலின் பழைய படி அன்று, 10.05 மணிக்கு அவர் கண்ட அதே பக்கம். அப்பக்கத்தைப் பொறுத்தவரை இடைப்பட்ட நிமிடங்கள் கழியவே இல்லை. வழங்கிக்கு ஒரு கோரிக்கையும் செல்லவில்லை. ஆகவே வழங்கியின் பதிவேட்டில் இத்திரும்புகை குறித்து ஒரு வரியும் இராது.

ஃபயர்பாக்ஸ் உலாவி 2005ஆம் ஆண்டு வெளிவந்த 1.5ஆம் பதிப்பிலேயே இவ்வசதியைப் பெற்றுவிட்டது. சஃபாரி உலாவியிலும் இது நெடுங்காலமாக உள்ளது. குரோம் உலாவி மிகவும் பிந்தியே இதனை ஏற்றது. 2020இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் படிப்படியாகத் தொடங்கி, 2021ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 96ஆம் பதிப்பின் வாயிலாக மேசைக் கணினிகளுக்கும் விரித்தது. ஒரு வரி நிரலும் மாற்றப்படாத பழைய தளங்களில்கூட இச்சிக்கல் திடீரெனத் தோன்றியதற்கு இதுவே காரணம். தளம் மாறவில்லை, அதனைக் காட்டும் கருவி மாறிவிட்டது.

‘பின்செல்’ என்பதன் பொருள்

இதனை உலாவியின் குறைபாடு என்று கூறிவிட இயலாது. பின்செல்லுதல் என்பதற்கு இரண்டு பொருள்கள் இயல்பாகவே உண்டு. ‘நான் முன்பு கண்டதைக் காட்டு’ என்பது ஒன்று. ‘நான் முன்பு சென்ற முகவரியில் இப்பொழுது உள்ளதைக் காட்டு’ என்பது மற்றொன்று. செய்தித்தாளின் முந்தைய பக்கத்தைப் புரட்டுபவர் முதற்பொருளில் செயற்படுகின்றார். கடைக்குத் திரும்பி இருப்பை வினவுபவர் இரண்டாம் பொருளில் செயற்படுகின்றார். ஒரே பொத்தான் இரண்டுக்கும் பயன்பட வேண்டியிருக்கின்றது.

எச்.டி.டி.பி. நெறிமுறையை வகுத்தவர்கள் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2616 என்னும் ஆவணம், உலாவியின் வரலாற்றுப் பொறியமைவும் தேக்ககமும் வெவ்வேறானவை என்று தெளிவாகப் பிரிக்கின்றது. பயனர் அன்று கண்டதை உள்ளவாறே காட்டுவதே வரலாற்றுப் பொறியமைவின் பணி என்றும், இன்றைய நிலையைக் காட்ட முயல்வது அதன் பணி அன்று என்றும் அது கருதுகின்றது. காட்டப்படுவது பழையதாக இருக்கலாம் என்று பயனருக்கு உணர்த்துவதற்குத் தடையில்லை என்பதையும் அது குறிப்பிடத் தவறவில்லை. நடைமுறையில் உலாவிகள் இவ்வறிவிப்பைச் செய்வதில்லை. முகவரிப் பட்டையிலோ பக்கத்திலோ ‘இது நான்கு நிமிடம் முந்தைய நிலை’ என்று உணர்த்தும் அடையாளம் எதுவும் இல்லை. இச்சிக்கலில் உலாவியின் மீது நியாயமாகச் சுமத்தத்தக்க குறை ஏதேனும் உண்டெனில் அது இந்த மௌனமே எனலாம்.

ஆவணங்களாக இருந்த இணையப் பக்கங்கள் பின்னர்ச் செயலிகளாக மாறின. கட்டுரை ஒன்றைப் படிப்பவருக்கு முதற்பொருள் முற்றிலும் பொருந்துகின்றது. நூல் இருப்பு, தேர்வு விண்ணப்பம், பயணச்சீட்டு போன்றவற்றில் இரண்டாம் பொருளே எதிர்பார்க்கப்படுகின்றது. ஒரு பக்கம் எவ்வகையைச் சார்ந்தது என்பதை உலாவியால் அறிய முடியாது. அப்பக்கத்தை எழுதுபவரே அறிவார்.

காரணத்தைக் கண்டறிதல்

பழைய பக்கம் தோன்றும்போதெல்லாம் பின்–முன் தேக்ககமே காரணம் என்று கொள்வதும் பிழையாகும். பின்செல்லும்போது எச்.டி.டி.பி. தேக்ககத்தில் உள்ள காலாவதியான கோப்பையும் வழங்கியிடம் சரிபார்க்காமலே உலாவி பயன்படுத்தக்கூடும். இரண்டின் தோற்றமும் ஒன்றே. திருத்தமோ வேறு வேறு. எனவே முதலில் பிரித்தறிதல் வேண்டும்.

இதற்கு எளிய ஆய்வு ஒன்று உண்டு. பக்கத்தில் இரண்டு நேரங்களை அச்சிடச் செய்ய வேண்டும். ஒன்று, வழங்கி அப்பக்கத்தை உருவாக்கிய நேரம். இது பக்கத்தின் உரையிலேயே எழுதப்பட்டு வரும். மற்றொன்று, பக்கத்தில் உள்ள நிரல் உலாவியில் இயங்கத் தொடங்கிய நேரம். பிறகு வேறொரு பக்கத்துக்குச் சென்று, ஓரிரு நிமிடம் கழித்துப் பின்செல்ல வேண்டும். இரண்டு நேரங்களும் புதியவையாக இருப்பின் பக்கம் வழங்கியிலிருந்தே வந்துள்ளது. வழங்கியின் நேரம் பழையதாகவும் நிரலின் நேரம் புதியதாகவும் இருப்பின் எச்.டி.டி.பி. தேக்ககத்திலிருந்த கோப்பு மீண்டும் கட்டப்பட்டுள்ளது. இரண்டுமே பழையவையாக இருப்பின், நிரல் மறுபடி தொடக்கத்திலிருந்து இயங்கவே இல்லை. பக்கம் உறைநிலையிலிருந்து மீட்கப்பட்டுள்ளது. நூலகப் பட்டியலில் இவ்வாய்வைச் செய்தால் இரண்டு நேரங்களும் 10.05 என்றே நிற்கும்.

குரோம் உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் `Application` என்னும் பகுதியின் கீழ் `Back/forward cache` என்னும் பிரிவு உள்ளது. அங்குள்ள பொத்தானை அழுத்தினால் உலாவி வேறொரு பக்கத்துக்குச் சென்று தானே திரும்பி, பக்கம் மீட்கப்பட்டதா என்பதைத் தெரிவிக்கும். மீட்கப்படவில்லையெனில் அதற்கான காரணத்தையும் பட்டியலிடும். ஆயினும் நேரங்களைக் கொண்டு செய்யும் ஆய்வு எந்த உலாவியிலும் இயலும் என்பதால் அதுவே கூடுதல் பயனுடையது.

இச்சிக்கல் ஒருவருக்கு நேர்ந்து மற்றொருவருக்கு நேராமல் போவதும் உண்டு. உறைந்த பக்கத்தை உலாவி காலவரம்பின்றி வைத்திருப்பதில்லை. குரோம் வழக்கமாகப் பத்து நிமிடமும், ஃபயர்பாக்ஸ் முப்பது நிமிடமும் வைத்திருக்கின்றன. நினைவகம் குறைந்தால் அதற்கு முன்பே நீக்கிவிடும். மேற்கண்ட ஆய்வாளர் குரோம் உலாவியில் விவரப் பக்கத்தை இருபது நிமிடம் படித்துவிட்டுத் திரும்பியிருந்தால் பட்டியல் மீட்கப்பட்டிராது, புதிதாகவே கட்டப்பட்டிருக்கும். புகாரைப் பெறும் நிரலர் வழக்கம்போல மறுஏற்றப் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். மறுஏற்றத்தில் இச்சிக்கல் ஒருபோதும் தோன்றாது. ‘இங்கே சரியாகத்தான் இருக்கின்றது’ என்னும் விடையுடன் புகார் முடிந்துபோவது இவ்வாறுதான்.

திருத்தும் முறை

தேக்ககச் சிக்கல் என்றவுடன் நிரலர்கள் முதலில் நாடுவது வழங்கியின் `Cache-Control` தலைப்பு வரியையே. அதில் `no-cache` என்றோ `max-age=0` என்றோ எழுதினால் எச்.டி.டி.பி. தேக்ககத்தின் நடத்தை மாறும். பின்–முன் தேக்ககத்தை அவை தொடுவதில்லை. சேமித்த கோப்பைச் சரிபார்த்துப் பயன்படுத்து என்பதே அவற்றின் பொருள். இங்கோ கோப்பு எதுவும் மீண்டும் பயன்படுத்தப்படவில்லை.

`no-store` என்பது வேறு வகை. எங்கும் சேமிக்காதே என்னும் இக்கட்டளை உள்ள பக்கத்தை உலாவிகள் நெடுங்காலமாகப் பின்–முன் தேக்ககத்தில் வைக்காமல் தவிர்த்து வந்தன. எனவே பழைய பக்கத்தைத் தடுக்கும் கருவியாகப் பல தளங்கள் இதனையே கையாண்டன. இதற்கான விலை சிறிதன்று. பட்டியலுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பக்கம் முழுவதும் வழங்கியிலிருந்து வர வேண்டும். உருட்டிய இடமும் தட்டச்சிட்ட சொல்லும் மறையக்கூடும். இணைப்பு மெதுவாக உள்ள இடங்களில் காத்திருப்பு மிகும். அண்மையில் குரோம் இவ்வழக்கத்தைத் தளர்த்தி, `no-store` உள்ள பக்கங்களையும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் குறுகிய நேரம் உறையவைக்கத் தொடங்கியுள்ளது. ஆகவே இக்கட்டளையை மட்டும் நம்பியிருப்பதும் இனிப் போதாது.

வேறு சிலர் `unload` என்னும் நிகழ்வுக்கு வெற்றுச் செயற்கூறு ஒன்றை இணைத்துவிடுவர். மேசைக் கணினியின் குரோமும் ஃபயர்பாக்ஸும் அத்தகைய பக்கத்தை உறையவைக்கத் தயங்கும் என்பது உண்மையே. ஆனால் கைப்பேசி உலாவிகள் இதனைப் பொருட்படுத்துவதில்லை; குரோம் அந்நிகழ்வையே கைவிடும் வழியில் சென்றுகொண்டிருக்கின்றது. இது மருந்தன்று, நோயை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் செயலே.

பக்கம் விழித்தெழும் தருணத்தில் திருத்துவதே பொருத்தமான வழி. உறைநிலை நீங்கும்போது `load`, `DOMContentLoaded` ஆகிய நிகழ்வுகள் மீண்டும் எழுவதில்லை. ‘பக்கம் திறந்தவுடன் இருப்பை வினவு’ என்று இந்நிகழ்வுகளில் எழுதப்பட்ட நிரல் பயனற்றுப் போவது இதனாலேயே. ஆனால் `pageshow` என்னும் நிகழ்வு ஒவ்வொரு முறையும் எழும். பக்கம் உறைநிலையிலிருந்து மீட்கப்பட்டிருந்தால் அதன் `persisted` என்னும் பண்பு உண்மை மதிப்பைக் கொண்டிருக்கும். நூலகப் பட்டியலுக்கு வேண்டிய திருத்தம் இவ்வளவே:

```
window.addEventListener('pageshow', function (event) {
  if (event.persisted) {
    refreshAvailability();
  }
});
```

இங்கே `refreshAvailability` என்பது பட்டியலில் தோன்றும் நூல்களின் இருப்பு எண்ணிக்கையை மட்டும் வழங்கியிடம் கேட்டு, உரிய இடங்களில் மாற்றி எழுதும் செயற்கூறு. நிரலர் அதனைத் தம் தளத்துக்கேற்ப எழுதிக்கொள்ள வேண்டும். பக்கம் முழுவதையும் மறுஏற்றம் செய்யாமல் மாறத்தக்க பகுதியை மட்டும் புதுப்பிப்பதால், ஆய்வாளர் பட்டியலில் இருந்த இடம் கலைவதில்லை. பக்கமும் உடனே தோன்றுகின்றது. விடை வரும்வரை முன்பதிவுப் பொத்தான்களைச் செயலற்றவையாக வைத்தல் நன்று. வழங்கியின் விடை வருவதற்குள் விரைந்து சொடுக்குபவர்கள் எங்கும் உண்டு.

நேரத்தைக் கணக்கிடும் பகுதிகளும் இவ்விடத்தில் கவனத்துக்குரியவை. உறைந்த பக்கத்தில் நேரங்காட்டிகளும் நின்றுவிடுகின்றன. ‘விண்ணப்பிக்க இன்னும் 4 நிமிடம்’ என்று நொடிக்கொரு முறை எண்ணைக் குறைத்துக் கொண்டிருந்த நிரல், மூன்று நிமிடம் உறைந்து மீண்டபின் நான்கிலிருந்தே எண்ணத் தொடங்கும். எண்ணைக் குறைத்துக்கொண்டு வராமல், முடிவு நேரத்திலிருந்து தற்போதைய நேரத்தைக் கழித்துக் காட்டும்படி எழுதினால் இப்பிழை எழாது.

இத்திருத்தங்கள் யாவும் பயனரின் கண்ணுக்கு உரியவை. ஒரே ஆய்வாளர் ஒரே நூலின் இரண்டு படிகளை முன்பதிவு செய்யக்கூடாது என்னும் விதியை வழங்கியே காக்க வேண்டும். உலாவியில் தோன்றுவது எவ்வளவு புதியதாயினும் அது ஒரு கணம் முந்தைய நிலையே. வேறொருவர் அதற்குள் அப்படியை எடுத்திருக்கலாம்.

வெளியேறிய பின்னும் நிற்கும் பக்கம்

பொதுக் கணினிகளில் இச்சிக்கல் வேறொரு முகம் கொள்கின்றது. நூலகக் கணினியில் ஆய்வாளர் தம் கணக்கில் நுழைந்து, எடுத்த நூல்களையும் தண்டத்தொகையையும் பார்க்கின்றார். வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து செல்கின்றார். அடுத்து அமர்பவர் பின்செல் பொத்தானை அழுத்துகின்றார். வழங்கியில் முந்தையவரின் அமர்வு முடிந்துவிட்டது. ஆனால் உறைந்திருந்த பக்கம் அவர் பெயருடனும் நூற்பட்டியலுடனும் எழுந்து நிற்கின்றது. அங்கே எதனையும் செய்ய முயன்றால் வழங்கி மறுத்துவிடும். எனினும் படிப்பதற்கு வழங்கியின் இசைவு தேவைப்படுவதில்லை.

இத்தகைய பக்கங்களில் பகுதியைப் புதுப்பித்தல் போதாது. முழு மறுஏற்றமே வேண்டும். அமர்வுக் குக்கியை நிரலால் படிக்க இயலாதவாறு `HttpOnly` என்னும் குறிப்புடன் வழங்குவதே பாதுகாப்பான வழக்கம். ஆதலின் நுழைந்துள்ளார் என்பதை மட்டும் குறிக்கும், மறைபொருள் எதுவும் அற்ற, வேறொரு குக்கியை உடன் வைத்து, வெளியேறும்போது அதனை நீக்கிவிட வேண்டும். மீட்கப்பட்ட பக்கம் அக்குக்கியைத் தேடிப் பார்க்கும்:

```
window.addEventListener('pageshow', function (event) {
  if (event.persisted &&
      !document.cookie.includes('signed_in=')) {
    location.reload();
  }
});
```

குக்கி இல்லையெனில் பக்கம் மறுஏற்றம் பெறுகின்றது. அமர்வு இல்லாததால் வழங்கி நுழைவுப் பக்கத்தைத் தருகின்றது. ஆயினும் மறுஏற்றம் முடியும்வரை பழைய பக்கம் சிறிது நேரம் திரையில் தோன்றக்கூடும். தண்டத்தொகைக்கு அது பெரிதன்று. மருத்துவ அறிக்கைக்கோ தேர்வு மதிப்பெண்ணுக்கோ அதுவும் மிகை. அங்கெல்லாம் பக்கத்தை விட்டு நீங்கும்போது எழும் `pagehide` நிகழ்விலேயே உள்ளடக்கத்தை மறைத்துவைத்து, மீண்டபின் நுழைவு உறுதியான பிறகே வெளிப்படுத்தலாம். உறையும்போது மறைந்திருந்தது, விழிக்கும்போதும் மறைந்தே இருக்கும். இத்தகைய பக்கங்களுக்கு `no-store` கட்டளையையும் உடன் வைப்பது தகும்.

வெளியேறும் பொத்தானையே அழுத்தாமல் சென்றவருக்கு இவற்றுள் எதுவும் உதவாது. குக்கி அங்கேயே இருக்கும். அமர்வும் உயிர்ப்புடன் இருக்கும். அங்கே தோன்றுவது பழைய பக்கமாகக்கூட இராது. அக்கணினியில் உலாவிச் சாளரத்தை முற்றாக மூடிவிட்டுச் செல்லுதலும், பயன்பாடு இல்லாத அமர்வைக் குறித்த நேரத்தில் வழங்கியே முடித்துவைத்தலும் அதற்குரிய தனி ஏற்பாடுகளாகும்.